பிடிக்காதவருக்கு மதிப்பெண்

மத்திய அரசு அலுவலகங்களில் ஜூன் மாதக் கடைசி வாரத்தில் ஒரு வேலை அவசர அவசரமாக நடக்கும். தனக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு ஆண்டு மதிப்பீடு எழுதும் வேலை அது. பழைய பெயர் சி.ஆர்.; இப்போது ஏ.பி.ஏ.ஆர். ஆறு பேருக்கு எழுத வேண்டும் என்றால் ஐந்து பேருடையது ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆறாவது நபரின் படிவம் மட்டும் கணினித் திரையில் திறப்பதும் மூடுவதுமாகக் கிடக்கும். மீட்டிங்கில் குறுக்கே பேசுகிறவர், எழுதிய குறிப்புக்கெல்லாம் மறுகுறிப்பு எழுதுகிறவர், நேரில் பார்த்தாலும் வணக்கம் சொல்லாதவர் என்று யாரோ ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார். அவருக்கு 10-க்கு எத்தனை போடுவது?

"நியாயமாகப் போடுங்கள்" என்று சொல்வது எளிது. பிடிக்காத ஒருவருக்கு எழுதும்போது நியாயம் எந்த இடத்தில் வழுக்குகிறது என்று பார்க்க, இந்தப் படிவத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை ஒரு மதிப்பீட்டு ஆண்டு. ஊழியர் முதலில் தன் வேலையைப் பற்றித் தானே எழுதித் தருகிறார்; அதற்கு ஏப்ரல் 15 வரை நேரம். அடுத்து அவரது நேரடி மேலதிகாரி, அதாவது ரிப்போர்ட்டிங் ஆபீசர், ஜூன் 30-க்குள் எழுதுகிறார். அதற்கு மேலே இருக்கும் ரிவ்யூயிங் ஆபீசர் ஜூலை 31-க்குள் அதைப் பார்த்து ஒப்புக்கொள்கிறார் அல்லது மாற்றுகிறார். ஒருவருடைய வேலையைக் குறைந்தது மூன்று மாதமாவது பார்த்தவர்தான் எழுதலாம். மதிப்பெண் 1 முதல் 10 வரை. மூன்று பகுதிகளாகப் போட வேண்டும். செய்த வேலைக்கு 40 சதவீத எடை, தனிப்பட்ட பண்புகளுக்கு 30, விதிகளை அறிந்திருப்பது, முடிவெடுப்பது போன்ற பணித்திறனுக்கு 30. மொத்தம் 8 அல்லது அதற்கு மேல் வந்தால் 'மிகச் சிறப்பு'. 6 முதல் 8-க்குள் 'மிக நன்று'. 4 முதல் 6-க்குள் 'நன்று'. கடைசியில் அந்த ஊழியரைப் பற்றி ஏறக்குறைய நூறு சொல்லில் ஒரு சித்திரம் எழுத வேண்டும்.

இந்தப் படிவத்தோடு வரும் அறிவுரையில் ஒரு நல்ல விதி இருக்கிறது. 1 அல்லது 2 போட்டால் குறிப்பாக எந்தத் தவறுக்காக என்று எழுத வேண்டும். 9 அல்லது 10 போட்டால் எந்தச் சாதனைக்காக என்று எழுத வேண்டும். எவ்வளவு கோபம் இருந்தாலும் யாரும் 1 போடமாட்டார்கள், காரணம் கேட்பார்களே! ஆனால் 4 போட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. 5 போட்டாலும் அப்படித்தான். மனக்கசப்பு போய் உட்காரும் இடம் இந்த நடுப்பகுதிதான். அங்கே அது பண்பாக, நிதானமாக, 'நன்று' என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கும்.

'நன்று' என்பது எவ்வளவு ஆபத்தான சொல் என்பதை உச்ச நீதிமன்றம் வரை போன ஒருவரின் வழக்கு காட்டுகிறது. எல்லைச் சாலைகள் அமைப்பில் எக்சிகியூட்டிவ் இன்ஜினியராக இருந்தவர் தேவ் தத். அடுத்த பதவிக்குப் போக, ஐந்து ஆண்டுகளின் பதிவுகளிலும் 'மிக நன்று' இருக்க வேண்டும் என்பது அளவுகோல். அவருக்கு 1993-94-ம் ஆண்டுக்கு மட்டும் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். அது பாதகமான பதிவு அல்ல என்று கருதி அவருக்குச் சொல்லவும் இல்லை. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். 'மிக நன்று' தேவைப்படும் இடத்தில் 'நன்று' என்று எழுதுவது உண்மையில் பாதகமான பதிவுதான். எந்தப் பதிவாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2013-ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது.

இப்போது மதிப்பீடு முழுவதையும் ஊழியருக்குக் காட்டுகிறார்கள். பார்த்த 15 நாளுக்குள் அவர் ஆட்சேபம் எழுதித் தரலாம். பதவி உயர்வே கிடைக்காமல் ஒரே இடத்தில் தேங்கியவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுகளில் கிடைக்கும் சம்பள உயர்வுக்கும் 2016-லிருந்து 'மிக நன்று' வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆக, உங்கள் கோபம் போட்ட ஒரு 5, இன்னொருவர் வீட்டின் மாதச் சம்பளக் கணக்கில் பல ஆண்டுகள் நிற்கும்.

ஒரு குறை ஒன்பது குறையாவது எப்படி?

கோபத்தில் எழுதுபவர்கள் வேண்டுமென்றே பொய் எழுதுவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு. 1920-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகப் போடச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒன்றில் அதிகம் வாங்கியவர் எல்லாவற்றிலும் அதிகமாக வாங்கியிருந்தார். ஒன்றில் குறைந்தவர் எல்லாவற்றிலும் குறைந்திருந்தார். மனிதர்கள் இயற்கையில் அப்படி இருப்பதில்லை. அதிகாரிகள் ஆளைப் பற்றி மொத்தமாக ஓர் அபிப்பிராயத்துக்கு வந்துவிட்டு, அதையே எல்லாக் கட்டத்திலும் நிரப்பியிருந்தார்கள். இதற்கு அவர் ஒளிவட்டம் என்று பெயர் வைத்தார். பிடிக்காதவர் விஷயத்தில் இதே ஒளிவட்டம் தலைகீழாக வேலை செய்கிறது.

ஏ.பி.ஏ.ஆர். படிவத்தில் 'தனிப்பட்ட பண்புகள்' பகுதி இதற்கென்றே செய்து வைத்ததுபோல இருக்கிறது. வேலையில் ஈடுபாடு, பொறுப்புணர்வு, ஒழுங்கு, தகவல் தொடர்பு, தலைமைப் பண்பு, குழுவாக வேலை செய்வது, காலக்கெடுவைக் காப்பது, பிறருடன் பழகுவது, பொதுவான ஆளுமை என்று ஒன்பது வரிகள். உங்களை எரிச்சலூட்டுபவருடைய உண்மையான குறை 'பிறருடன் பழகுவது' என்ற ஒரு வரியில் இருக்கலாம்; மிஞ்சிப்போனால் 'தகவல் தொடர்பு' என்ற இன்னொன்றிலும் இருக்கலாம். ஆனால் அந்த எரிச்சலோடு வரிசையாக நிரப்பினால் ஒன்பதிலும் 4 விழும். சராசரி 4. அந்த இரண்டு வரியில் மட்டும் 4 போட்டு, மற்ற ஏழில் அவருக்கு உரிய 7-ஐப் போட்டிருந்தால் சராசரி 6.33.

இதற்கு ஓர் எளிய மாற்று இருக்கிறது. ஆள் ஆளாக நிரப்பாமல், வரி வரியாக நிரப்ப வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் ஆறு பேரின் பெயரையும் எழுதிக்கொண்டு, முதலில் 'காலக்கெடுவைக் காப்பது' என்ற ஒன்றுக்கு மட்டும் ஆறு பேருக்கும் போடுங்கள். அப்புறம் அடுத்த வரிக்குப் போங்கள். ஆன்லைனில் நிரப்பும் ஸ்பாரோ தளம் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் காட்டும் என்பதால் இதைக் காகிதத்தில் செய்துகொள்ள வேண்டியிருக்கும். அப்படிச் செய்யும்போதுதான், காலக்கெடு விஷயத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் மூன்று கோப்பைத் தாமதம் செய்திருப்பதும், பிடிக்காதவர் ஒன்றைத்தான் தாமதம் செய்திருப்பதும் கண்ணில் படும்.

ஒரு கோப்பின் கதை

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் ஓய்வூதியப் பிரிவு. அங்கே ஓர் உதவிக் கணக்கு அதிகாரி. அவருக்கு எழுத வேண்டியவர் அவரது மேலதிகாரியான கணக்கு அதிகாரி, ஒரு பெண்மணி. இருவருக்கும் ஒத்துப்போகாது என்பது அந்தத் தளத்தில் டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

அவர் முதலில் எழுதிய வரைவு இது: "ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லாதவர். எதிலும் குறை காண்பவர். மேலதிகாரிகளை மதிப்பதில்லை. வேலையில் அக்கறை குறைவு." மதிப்பெண்கள்: வேலைக்கு 6, பண்புகளுக்கு 4, திறனுக்கு 5. எடை போட்டுக் கூட்டினால் 2.4, 1.2, 1.5; மொத்தம் 5.1. அதாவது 'நன்று'.

அந்த நான்கு வாக்கியத்தையும் இன்னொரு முறை பாருங்கள். தேதி இல்லை, கோப்பு இல்லை, எண்ணிக்கை இல்லை. அந்த உதவிக் கணக்கு அதிகாரியை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவர் இதைப் படித்தால் சரியா தவறா என்று சோதிக்க வழியே இல்லை. எழுதியவரின் மனநிலையை மட்டும்தான் தெரிந்துகொள்ள முடியும். ரிவ்யூயிங் ஆபீசர் கையில் போய்ச் சேரும்போது இதுதான் பிரச்சினை: ஒன்று, எழுதியவரை நம்பி அப்படியே கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் "இவர்களுக்குள் ஏதோ தகராறு" என்று ஒதுக்க வேண்டும்.

அந்தப் பெண்மணி வரைவை ஓரமாக வைத்துவிட்டு, அந்த மனிதரிடம் தனக்குப் பிடிக்காதது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். எழுதாமல் மனதில் வைத்திருந்தால் அது மதிப்பெண்ணில் கசியும். தாளில் இறக்கிவிட்டால் ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கலாம். கேட்ட கேள்விகள் மூன்று. இது இந்த மதிப்பீட்டு ஆண்டுக்குள் நடந்ததா? எனக்கு வெளியே வேறு எங்காவது இதற்குப் பதிவு இருக்கிறதா? இதனால் வேலைக்கு என்ன ஆயிற்று?

வணக்கம் சொல்வதில்லை. மூன்றாவது கேள்வியிலேயே விழுந்துவிட்டது. வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேரம் முடிந்த அடுத்த நிமிடம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் கிளம்பியதால் எந்தக் கோப்பாவது நின்றதா என்று பார்த்தார், இல்லை. அலுவலக நேரம் வரைக்கும் வேலை செய்வது குறையல்ல. அதுவும் போயிற்று.

மே மாதம் விடுப்பு விஷயத்தில் நடந்த பெரிய வாக்குவாதம். தாளில் மிகக் கோபமாக எழுதப்பட்டிருந்த வரி அதுதான், ஏனென்றால் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31-ல் முடிந்துவிட்டது. மே மாதச் சண்டை அடுத்த ஆண்டுக் கணக்கு. இந்தப் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது. எழுதுவதற்கு ஜூன் வரை நேரம் கொடுத்திருப்பதில் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. நினைவில் பச்சையாக இருப்பது, எழுதக்கூடாத மாதங்களில் நடந்ததாகவே இருக்கும்.

அக்டோபரில் தணிக்கைக் கேள்விக்குப் பதில் நான்கு நாள் தாமதம். இது உண்மையான குறை என்றே அவர் நினைத்திருந்தார். இ-ஆபீஸில் கோப்பு எந்த மேசைக்கு என்று வந்து என்று போனது என்பது தேதியோடு கிடக்கும். பதில் போக வேண்டிய நாள் அக்டோபர் 10. கோப்பு அந்த மனிதரின் மேசைக்கே 9-ம் தேதிதான் வந்திருக்கிறது. 14-ம் தேதி போயிருக்கிறது. அதற்கு முன் அது பன்னிரண்டு நாள் கிடந்தது இரண்டு மேசை தள்ளி, எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்கும் இன்னொருவரிடம். ஐந்து நாள் என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஆண்டறிக்கையில் எழுதும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

எதிலும் குறை காண்பவர் என்ற வரிக்கு வந்தார். மேலதிகாரியின் குறிப்புக்கு மறுப்பாக அந்த ஆண்டில் அவர் எழுத்தில் போட்டவை ஐந்து. மனதில் அது ஐம்பதாக இருந்தது. ஐந்தில் ஒன்று தவறான வாதம், ஒன்று எப்படியும் முடிவெடுக்கலாம் என்ற ரகம். மற்ற மூன்றில் அவர் சொன்னதுதான் சரி என்று மேலே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் அகவிலை நிவாரணக் கணக்கு தவறியிருந்தது. இன்னொன்றில் குடும்ப ஓய்வூதியம் தொடங்க வேண்டிய தேதி. அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் ஓய்வூதியர்களுக்குத் தவறான தொகை போயிருக்கும். ஆக, 'குறை காண்பவர்' என்பது பண்புகள் பகுதியிலிருந்து எழுந்து, 'விதிகளை அறிந்திருப்பது' என்ற வரிக்குப் பலமாகப் போய் உட்கார்ந்தது. தனக்கு முன்கூட்டிச் சொல்லாமல் மேலே நகல் அனுப்பியது பிடிக்கவில்லை என்பது மட்டும் மிச்சம். அது உண்மையான மனக்குறை, நேரில் பேசித் தீர்க்க வேண்டியது.

கடைசி வரி, இளநிலை ஊழியர்களிடம் கத்துவது. இது சல்லடையில் நின்றது. ஆகஸ்டில் வரிசையில் நின்ற ஓய்வூதியர்களுக்கு முன்னால் ஓர் எழுத்தரைக் கடுமையாகப் பேசியிருக்கிறார். எழுத்தர் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறார். செப்டம்பரில் இதற்காக அவரைக் கூப்பிட்டுப் பேசி, ஒரு குறிப்பும் கொடுத்திருந்தார்கள். "மேடம், நான் சொன்னது தப்பில்லை, சொன்ன விதம் தப்பு" என்று ஒப்புக்கொண்டவர், ஜனவரியில் மறுபடி அதையே செய்தார். வேலைக்கு என்ன ஆயிற்று? எழுத்தர்கள் இருவர் அவரிடம் சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். தெரியாததைத் தெரியாமலே நிரப்பி அனுப்பியதால் அந்த ஆண்டு 19 கோப்புகள் திருத்தத்துக்காகத் திரும்பி வந்தன. இதற்குப் புகார் இருக்கிறது, குறிப்பு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால்தான் தவறு.

இப்போது சித்திரம் வேறு மாதிரி வந்தது:

"ஆண்டு இலக்கான 240 ஓய்வூதியக் கோப்புகளில் 228-ஐ முடித்தார். விதிகளில் நல்ல தேர்ச்சி உள்ளவர். இவர் எழுத்தில் தெரிவித்த மாற்றுக் கருத்துகளில் மூன்று ஏற்கப்பட்டு, கணக்குப் பிழைகள் திருத்தப்பட்டன. இளநிலை ஊழியர்களிடம் பேசும் முறையில் முன்னேற்றம் தேவை. ஆகஸ்டில் பொதுமக்கள் முன்னிலையில் ஓர் ஊழியரைக் கடிந்து பேசியது குறித்துச் செப்டம்பரில் எழுத்து மூலம் அறிவுறுத்தப்பட்டது. ஜனவரியில் மீண்டும் நிகழ்ந்தது. ஊழியர்கள் இவரிடம் ஐயம் கேட்கத் தயங்கியதால் 19 கோப்புகள் திருத்தத்துக்குத் திரும்பின."

நலிந்த பிரிவினரிடம் நடந்துகொள்ளும் விதம் பற்றியும் ஒரு வரி எழுத வேண்டும் என்பது படிவத்தின் நிபந்தனை. அதற்கும் இடம் இருக்கிறது. மதிப்பெண்கள்: வேலைக்கு 7. பண்புகளில் 'பிறருடன் பழகுவது', 'தலைமைப் பண்பு' இரண்டுக்கும் 4, மற்ற ஏழுக்கும் 7, சராசரி 6.33. திறனுக்கு 7. எடை போட்டால் 2.8, 1.9, 2.1, மொத்தம் 6.8. 'மிக நன்று'.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் சொல்ல முடியாது. புதிய வரைவில் இருக்கும் கண்டனம் பழையதைவிடக் கடுமையானது. பழையதை அந்த மனிதர் ஒரே வரியில் தட்டிவிடலாம்: "மேடத்துக்கு என்னைப் பிடிக்காது சார்." புதியதில் இருக்கும் ஆகஸ்டையும் ஜனவரியையும் அவரால் தட்ட முடியாது.

முன்பே சொன்னீர்களா?

செப்டம்பர் குறிப்பு இந்தக் கதையில் தற்செயலாக வந்ததல்ல. 1997-ல் யமுனா சங்கர் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வலியுறுத்தியது. ஒருவருக்குப் பாதகமாக எழுதும் முன், பதிவில் இல்லாத விஷயமாக இருந்தால் அதை அவரிடம் சொல்ல வேண்டும். திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் திருந்தாவிட்டால் எழுதலாம். ஊழியர் தன் வேலையை மேம்படுத்திக்கொள்ளத்தான் இந்த அறிக்கைகள் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

பிடிக்காதவர் விஷயத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். நமக்குப் பிடித்தவர் தவறு செய்தால் அன்றைக்கே கூப்பிட்டு, "என்னப்பா இது?" என்று கேட்டுவிடுவோம். பிடிக்காதவரிடம் பேசவே பிடிக்காது; ஆகவே ஆண்டு முழுக்க ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஜூனில் சேர்த்து வைத்து எழுதுவோம். அவர் முதன்முறையாகத் தன் குறையைக் கேள்விப்படுவதே அறிக்கையில்தான். அந்த ஆட்சேப மனுவை அவர் எழுதும்போது முதல் வரி என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. சொல்லாத குறையை எழுதாதீர்கள் என்பது என் கட்சி. எழுத வேண்டிய அளவுக்குப் பெரிய குறை என்றால், சொல்லியிருக்க வேண்டிய அளவுக்கும் பெரியதுதான்.

நேர்மை பற்றிய பகுதிக்கு மட்டும் தனி வழிமுறை இருக்கிறது, அது தெரியாமல் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒருவரின் நாணயத்தில் சந்தேகம் இருந்தால் அதைப் பூடகமாக அறிக்கையில் எழுதக் கூடாது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டு, தனியாக ரகசியக் குறிப்பு எழுதி, விசாரித்து முடிவுக்கு வர வேண்டும். "இவரைப் பற்றிப் பல விதமாகப் பேசுகிறார்கள்" என்ற வாக்கியத்துக்கு இந்தப் படிவத்தில் எங்கும் இடமில்லை.

உறவினருக்கு எழுதக்கூடாது என்று விதி இருக்கிறது. நெருங்கிய உறவினர் கீழே வேலை செய்தால் ரிவ்யூயிங் ஆபீசரே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வார். பகையாளிக்கு எழுதக்கூடாது என்று விதி கிடையாது. எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் நிலைமை முற்றிப்போயிருந்தால் ரிவ்யூயிங் ஆபீசரிடம் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடலாம்: "சார், எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகலை. நான் எழுதினதை நீங்க கொஞ்சம் ரெக்கார்டோட சேர்த்துப் பாருங்க." கௌரவக் குறைவாகத் தோன்றலாம். பின்னால் ஆட்சேப மனு வரும்போது அவர் தானாகக் கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

இன்னொரு பக்கமும் உண்டு. அறிக்கை முழுவதையும் ஊழியருக்குக் காட்டுவது என்று ஆன பிறகு, வம்பு எதற்கு என்று எல்லோருக்கும் 8 போட்டுவிடும் பழக்கம் பெருகியிருக்கிறது. பிடிக்காதவருக்கு எழுதும்போது இது இரட்டிப்பாகும்: "குறைத்துப் போட்டால் பழிவாங்கியதாகச் சொல்வார்" என்ற பயத்தில் கையில் ஆதாரம் இருந்தும் கூட்டிப் போடுவோம். அந்த எழுத்தர்கள் இருவரையும் நினைத்துப் பாருங்கள். மக்கள் முன்னால் திட்டு வாங்கியவருக்கும் நியாயம் தேவைப்படுகிறது. வேறு சிலர் குறையை நேராக எழுதத் துணியாமல் "தன் கருத்தில் மிகவும் உறுதியானவர்" என்று சங்கேத மொழியில் எழுதுவார்கள். படிப்பவருக்குப் புரியும், மறுக்கத்தான் முடியாது. அது கோழைத்தனம்.

தனியார் கம்பெனிகளில் படிவம் வேறு. 5-க்கு மதிப்பெண், பல மேலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிட்டுச் சரிசெய்யும் கூட்டம், சில இடங்களில் சக ஊழியர்களிடமும் கருத்துக் கேட்பது என்று இருக்கும். அந்தக் கூட்டத்தில் "அவரோட வேலை செய்யறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டு உட்காரும் மேலாளருக்கும், வரைவில் "ஒத்துழைக்கும் மனப்பான்மை இல்லாதவர்" என்று எழுதிய கணக்கு அதிகாரிக்கும் வித்தியாசம் இல்லை. அங்கேயும் கேட்க வேண்டியவை அதே மூன்று கேள்விகள்தான்.

எழுதி முடித்ததும் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அதே வாக்கியங்களில் உங்களுக்கு மிகவும் வேண்டிய ஒருவரின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அவர் இதையே செய்திருந்தால் இந்தச் சொல்லைப் போட்டிருப்பீர்களா? அவருக்குத் 'துணிவாகப் பேசுபவர்' என்றும் இவருக்கு 'மரியாதை தெரியாதவர்' என்றும் எழுதியிருந்தால், இரண்டையும் அடித்துவிட்டு என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இதெல்லாம் ஜூனில் செய்ய முடியாது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். ஆகஸ்டில் நடந்ததற்கு ஆகஸ்டிலேயே தேதியோடு ஒரு வரி எழுதி வைத்திருந்தால்தான் ஜூனில் கையில் ஆதாரம் இருக்கும். மாதம் ஒருமுறை, எல்லா ஊழியர்களுக்கும் ஒரே நோட்டில், ஆளுக்கு இரண்டு வரி போதும்: என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று. பிடிக்காதவருக்கு மட்டும் நோட்டுப் போட்டால் அதற்குப் பெயர் உளவு. ஆகவே எல்லோருக்கும் போடுங்கள், நல்லதையும் போடுங்கள். நீங்கள் இதைப் படிக்கும் மாதம் எதுவானாலும், இந்த ஆண்டுக்கான கணக்கு ஏப்ரல் 1-ம் தேதியே தொடங்கிவிட்டது. நோட்டை இன்றைக்கே திறந்துவிடுங்கள்.